இரண்டாம் மாடி ஃப்ரிட்ஜ்: 12 நாளாக ‘லாஸ்ட் பிரைஸ்?’ மட்டும்தான் வருகிறது

வேளச்சேரி_வித்யா
வணக்கம். வீட்டுக்காரருக்குக் கோயம்புத்தூர் மாற்றல் வந்துவிட்டது. 30ஆம் தேதி வீட்டைக் காலி செய்ய வேண்டும். அங்கே போகிற வீட்டில் ஓனரே ஃப்ரிட்ஜ் வைத்திருக்கிறார், அதனால் எங்களுடையதை விற்றுவிடலாம் என்று முடிவு.

253 லிட்டர், டபுள் டோர், 2019 நவம்பரில் 23,500க்கு வாங்கியது. ஒரு ரிப்பேர்கூட வந்ததில்லை. ஓஎல்எக்ஸில் 15,000 போட்டேன். 12 நாளில் 340 பேர் பார்த்திருப்பதாகக் காட்டுகிறது. மெசேஜ் ஒன்பது. ஒன்பது பேரும் ‘லாஸ்ட் பிரைஸ்?’ என்று கேட்டார்கள். 14,000 என்றேன், அதோடு சரி. ஒருத்தர்கூட வந்து பார்க்கவில்லை.

விலையா, போட்டோவா, எது தப்பு? போட்டோ இணைத்திருக்கிறேன். இதே கதியில் ஒரு சோபாவும் நிற்கிறது.

கணக்கு_கணேசன்
கணக்கு எளிது அம்மா. வருஷத்துக்கு 10 சதவீதம் தேய்மானம். ஆறு வருஷத்துக்கு 60 போனால் மீதி 40. 23,500இல் 40 சதவீதம் 9,400. அதற்கு மேல் ஆசைப்பட்டால் நகராது. பேரம் பேசுகிறவர்களுக்காக 12,000 என்று போட்டு 9,400இல் நில்லுங்கள்.

லென்ஸ்_லோகு
இந்த மாதிரி பொருள் படத்துக்கு மொபைல் சரிப்படாது. 50 எம்எம் லென்ஸ், ரெண்டு சாஃப்ட் பாக்ஸ், பின்னாடி வெள்ளைத் துணி. செகண்ட் ஹேண்ட் கேமரா பாடி 18,000க்குக் கிடைக்கும். எந்த மாடல் என்று சொல்லட்டுமா?

வேளச்சேரி_வித்யா
லோகு சார், 15,000 ரூபாய் ஃப்ரிட்ஜை விற்க 18,000க்குக் கேமராவா? 🙂

லென்ஸ்_லோகு
ஓ, ஒரே ஒரு ஃப்ரிட்ஜா? கடை நடத்துகிறீர்கள் என்று நினைத்துவிட்டேன். மன்னிக்கவும்.

பல்லாவரம்_மெக்கானிக்
மேடம், நான் 14 வருஷமா ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் சர்வீஸ். பழசு வாங்கி சரி பண்ணி விக்கிறதும் உண்டு. உங்க விளம்பரத்தைப் பார்த்தேன். ரெண்டுமே தப்பு, ஆனா வேற வேற மாதிரி தப்பு. முதல்ல விலை.

340 பேர் திறந்து பார்த்திருக்காங்க. படம் மட்டும் மோசம்னா பாதிப் பேர் உள்ளயே வந்திருக்க மாட்டாங்க. திறந்து பார்த்துட்டு பேசாம போறாங்கன்னா விலை இடிக்குது. பார்க்கிறவங்களே கம்மின்னா முதல் படமோ தலைப்போ தப்பு. நிறைய பேர் பேசி, யாரும் வீட்டுக்கு வரலைன்னா மாடி, வண்டி, இடம் ஏதோ பிரச்சினை. வீட்டுக்கு வந்து பார்த்துட்டு திரும்பிப் போறாங்கன்னா படத்துல இல்லாத ஏதோ ஒண்ணு நேர்ல இருக்குது. எங்க ஆள் நிக்கிறான்னு பார்த்தா வியாதி எதுன்னு தெரிஞ்சிரும்.

கணேசன் சார் வந்து நின்ன இடம் ஏறக்குறைய சரி, வந்த வழிதான் சரியில்ல. நீங்க என்ன விலைக்கு வாங்கினீங்கன்னு வாங்க வர்றவனுக்குக் கவலையே இல்ல. அவன் கையில இருக்கிற காசுக்கு வேற என்ன கிடைக்கும்னுதான் பார்ப்பான். உங்க ஃப்ரிட்ஜுக்குப் போட்டி கடையில இருக்கிற புது டபுள் டோர் இல்ல. புது சிங்கிள் டோர். 180, 190 லிட்டர் சிங்கிள் டோர் 14,000, 15,000க்குக் கிடைக்குது. ஒரு வருஷ வாரண்டி, கம்ப்ரஸருக்கு தனி வாரண்டி, வீட்டு வாசல் வரைக்கும் டெலிவரி, மாசத் தவணையும் உண்டு. அதை விட்டுட்டு அதே 15,000க்கு ஆறு வருஷப் பழசை ஏன் தூக்கிட்டுப் போகணும்?

இப்ப அவன் பக்கம் உக்காந்து கணக்குப் போடுங்க. குட்டியானை வண்டி 1,200. ரெண்டாம் மாடியிலருந்து இறக்க ரெண்டு ஆளுக்கு 800. போய் வெச்சதும் ஏதாவது வந்துட்டா என்ன பண்றதுன்னு மனசுக்குள்ள ஒரு 1,500 ஒதுக்கி வெச்சிருப்பான். ஆக உங்க விலைக்கு மேல 3,500. நீங்க 9,000க்குக் குடுத்தா அவனுக்கு 12,500 ஆகுது. புது சிங்கிள் டோரை விட 2,000 கம்மி, ஆனா பெரிய ஃப்ரிட்ஜ், ஐஸ் கட்டாத டைப். அப்பத்தான் போனை எடுப்பான்.

கீழ்ப்பக்கமும் ஒரு கோடு இருக்கு. கடையில எக்ஸ்சேஞ்சுக்கு இதுக்கு 3,000 சொல்லுவாங்க. என்னை மாதிரி ஆள் வந்தா 4,500, 5,000 வரைக்கும் போவோம், ஏன்னா நாங்க விக்கணும். 5,000க்குக் கீழ யார் கேட்டாலும் பதில் சொல்லாதீங்க.

என் கணக்குல 9,900 போடுங்க. 8,500க்குக் கீழ இறங்காதீங்க.

கணக்கு_கணேசன்
நான் சொன்ன 9,400உம் அதே இடத்தில்தானே வருகிறது?

பல்லாவரம்_மெக்கானிக்
இந்தத் தடவை வந்திருச்சு சார். அதே கணக்கை வாங்கி எட்டு மாசமான ஃப்ரிட்ஜுக்குப் போட்டா 90 சதவீதத்துக்கு மேல வரும். அந்த விலைக்கு யாரும் வாங்க மாட்டான், கொஞ்சம் சேர்த்துப் போட்டா புதுசே வந்துருமே. பொருள் கடையை விட்டு வெளிய வந்த அன்னிக்கே நல்லா அடி வாங்கிரும், அப்புறம் மெதுவாத்தான் இறங்கும். 12,000 போட்டு 9,400ல நிக்கிறதும் வேலைக்கு ஆகாது. வாங்கறவங்க தேடும்போது ‘10,000 வரை’ன்னு வடிகட்டி வெச்சிருப்பாங்க. 12,000 போட்டா நீங்க அவங்க கண்ணுக்கே தெரிய மாட்டீங்க. பேரம் பேச வர்றவனுக்கு முதல்ல நீங்க இருக்கிறது தெரியணும் இல்ல?

வெள்ளவத்தை_அக்கா
வாங்கின விலை கணக்கில்லை எண்டதுக்கு என்ர கதையைச் சொல்லுறன். நான் 2018இல 58,000 ரூபாய்க்கு ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கினனான். இலங்கைக் காசு. 2023இல வீடு மாறேக்க ikman.lkஇல போட்டு 75,000க்கு வித்தனான். ஐஞ்சு வருசம் பாவிச்ச சாமான், வாங்கின விலையை விடக் கூட! 2022இல டொலர் 200இல இருந்து 360க்குப் போனதால, புதுசின்ர விலை அப்பிடி ஏறிக் கிடந்தது. நான் முதல் 35,000 எண்டுதான் போட நினைச்சனான். தம்பிதான் கடையில புதுசு என்ன விலை எண்டு பார்த்திட்டுப் போடச் சொன்னவன்.

பல்லாவரம்_மெக்கானிக்
அக்கா சொல்றது தலைகீழா இருந்தாலும் அதே கணக்குதான். விளம்பரம் போடற அன்னிக்குப் புதுசு என்ன விலைன்னு பார்த்துட்டுத்தான் எழுதணும்.

வேளச்சேரி_வித்யா
9,900 என்று பார்க்கவே மனசு கேட்கவில்லை. ஆனால் கணக்கு புரிகிறது அண்ணே. மூணு ஸ்டார் ஃப்ரிட்ஜ் இது, அதற்குக் கொஞ்சம் சேர்த்துப் போட முடியாதா?

பல்லாவரம்_மெக்கானிக்
அந்த ஸ்டார் ஸ்டிக்கரை உத்துப் பாருங்க மேடம், வருஷம் போட்டிருக்கும். 2023 ஜனவரியிலருந்து ஃப்ரிட்ஜுக்கு ஸ்டார் கணக்கை இறுக்கிட்டாங்க. உங்க 2019 மூணு ஸ்டாரும் இன்னிக்குக் கடையில இருக்கிற மூணு ஸ்டாரும் ஒண்ணு இல்ல. அதுக்குத் தனியா காசு கேக்க முடியாது. ஆனா அந்த ஸ்டிக்கரைப் படம் எடுத்துப் போடுங்க. வருஷத்தை மறைக்காம காட்டறவங்களை ஜனம் நம்புது.

பில் இருக்கா? இருந்தா அதுக்குத்தான் மதிப்பு.

வேளச்சேரி_வித்யா
இருக்கிறது. வாரண்டி கார்டில் கம்ப்ரஸருக்கு 10 வருஷம் என்று போட்டிருக்கிறது.

பல்லாவரம்_மெக்கானிக்
அப்ப 2029 நவம்பர் வரைக்கும். இதை விளம்பரத்துல எங்கயுமே எழுதலையே! ரெண்டாவது வரியிலயே வரணும் இது.

அம்பத்தூர்_அருண்
வாரண்டி முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான். நம்பி வாங்குகிறவன் ஏமாறுவான். அதை எழுதக் கூடாது.

பல்லாவரம்_மெக்கானிக்
நான் பார்த்த வரைக்கும் சர்வீஸ்ல சீரியல் நம்பரும் பில்லும்தான் கேப்பாங்க தம்பி. பேர் பார்த்து யாரையும் திருப்பி அனுப்பினது இல்ல.

அம்பத்தூர்_அருண்
என்னை அனுப்பினார்கள். எந்த கம்பெனி என்று சொல்லவில்லை, ஆனால் நடந்தது.

வேளச்சேரி_வித்யா
சண்டை வேண்டாம். ‘ஒரிஜினல் பில், வாரண்டி கார்டு தருகிறேன். கார்டில் கம்ப்ரஸருக்கு 10 வருஷம் என்று உள்ளது’ என்று இருப்பதை மட்டும் எழுதுகிறேன். மீதியை வாங்குகிறவர் கேட்டுக்கொள்ளட்டும். இப்போது போட்டோ பற்றிச் சொல்லுங்கள் அண்ணே.

பல்லாவரம்_மெக்கானிக்
கோச்சுக்காதீங்க. முதல் படத்துல ஃப்ரிட்ஜ் மேல மிக்ஸி, மருந்து டப்பா, பக்கத்துல கொடியில துண்டு, கதவு பூரா காந்த பொம்மை. ராத்திரி எடுத்திருக்கீங்க, கதவு நடுவுல ஃபிளாஷ் வெள்ளையா அடிச்சிருக்கு. ரெண்டாவது படத்துல உள்ள இட்லி மாவுப் பாத்திரம், நேத்து சாம்பார். பார்க்கிறவனுக்கு ஃப்ரிட்ஜ் தெரியல, உங்க குடித்தனம்தான் தெரியுது. ‘வேற ஒருத்தர் வீட்டுச் சாமான்’னு தோணிட்டா போச்சு. ‘நம்ம வீட்டுல வெச்சா எப்படி இருக்கும்’னு தோணணும்.

காலையில எட்டு, ஒன்பது மணிக்கு எடுங்க. ஜன்னலைத் திறந்துட்டு டியூப் லைட்டை அணைச்சிருங்க. ரெண்டு வெளிச்சமும் கலந்தா வெள்ளைக் கதவு ஒரு பக்கம் நீலமாவும் ஒரு பக்கம் மஞ்சளாவும் வரும். பழுப்பு ஏறினதுன்னு நினைச்சுக்குவாங்க. ஃபிளாஷ் கூடவே கூடாது. போன் லென்ஸை முதல்ல துடைங்க, சமையலறையில எண்ணெய் படிஞ்சிருக்கும், மங்கலா வர்றதுக்குப் பாதி காரணம் அதுதான்.

கிட்ட நின்னு மேலருந்து எடுத்தா ஃப்ரிட்ஜ் தலை பெருத்து கால் சிறுத்து வரும். நாலடி அஞ்சடி பின்னாடி போய், போனை ஃப்ரிட்ஜோட பாதி உயரத்துல நேரா பிடிங்க. இடம் பத்தலைன்னா ஹால்ல நின்னு ஜூம் பண்ணி எடுங்க. நேர் எதிர்ல நிக்காதீங்க, கதவுல உங்க உருவமே தெரியும். கொஞ்சம் பக்கவாட்டுல நின்னா முன்பக்கமும் ஒரு சைடும் சேர்ந்து தெரியும். நாலு பக்கமும் கொஞ்சம் இடம் விடுங்க, பட்டியல்ல படத்தைச் சதுரமா வெட்டும்போது தலை போயிரும்.

லென்ஸ்_லோகு
இதை ஒப்புக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: வாட்ஸாப்பில் கணவருக்கு அனுப்பி, அங்கிருந்து இறக்கிப் போடாதீர்கள். படம் சுருங்கிவிடும். எடுத்த போனிலிருந்தே நேராக ஏற்றுங்கள். நாலு படத்தை ஒட்டி ஒரே படமாகவும் ஆக்க வேண்டாம், சின்னதாகப் பார்க்கும்போது ஒன்றும் புரியாது.

வேளச்சேரி_வித்யா
அப்போ ஃப்ரிட்ஜைக் காலி செய்து, அணைத்துவிட்டு, துடைத்து எடுக்கணுமா?

பல்லாவரம்_மெக்கானிக்
காலி பண்ணுங்க, துடைங்க. ஆனா துடைச்சு முடிச்சதும் திரும்ப ஓட விடுங்க. இதுலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. விக்கப் போறோமேன்னு அணைச்சு மூடி வெச்சிருவாங்க. ரெண்டே நாள்ல உள்ள பூஞ்சை, நாத்தம். வந்து பார்க்கிறவன் கதவைத் திறந்ததும் மூக்கைப் பிடிப்பான். அது மட்டும் இல்ல, அணைச்சு வெச்ச ஃப்ரிட்ஜ் ஓடுமா ஓடாதான்னு அவனுக்கு எப்படித் தெரியும்? அப்பத்தான் போட்டுக் காட்டினா குளிர மணிக்கணக்காகும், அவன் காத்திருக்க மாட்டான்.

ஓடிட்டே இருக்கட்டும். ஐஸ் தட்டுல தண்ணி ஊத்தி வைங்க. ஐஸ் கட்டினதும் அந்தத் தட்டை ஃப்ரீஸர்லயே வெச்சு ஒரு படம். கீழ் கதவைத் திறந்து லைட் எரியறது தெரியற மாதிரி ஒரு படம். இந்த ரெண்டும் ‘நல்ல கண்டிஷன்’னு பத்து தடவை எழுதறதுக்குச் சமம்.

அடுத்தது கதவோரத்து ரப்பர். தெரிஞ்சவன் அதைத்தான் முதல்ல பார்ப்பான். மடிப்புல கறுப்புப் புள்ளி இருந்தா சமையல் சோடாவைத் தண்ணியில குழைச்சு பழைய பல் துலக்கற பிரஷ்ஷால தேயுங்க. அப்புறம் ஒரு ரூபா நோட்டைக் கதவு இடுக்குல வெச்சு மூடி இழுத்துப் பாருங்க. பிடிப்பு இருந்தா ரப்பர் நல்லா இருக்கு, சும்மா உருவிட்டு வந்தா தளர்ந்திருச்சு. வாங்க வர்றவனும் இதைப் பண்ணுவான், நீங்க முன்னாடியே பண்ணிருங்க.

வேளச்சேரி_வித்யா
நோட்டு நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் இடது பக்கம் ஒரு நசுங்கல் இருக்கிறது, வீடு மாறும்போது பட்டது. அதைச் சுவர்ப் பக்கம் வைத்துத்தான் எடுத்தேன். 🙈

அம்பத்தூர்_அருண்
நேரில் வரும்போது பார்த்துக்கொள்ளட்டும். படத்தில் காட்டினால் யார் வருவார்கள்?

பல்லாவரம்_மெக்கானிக்
நேர்ல பார்த்தா 1,000 குறைப்பான் தம்பி. அதை விட மோசம், ‘இதை மறைச்சாங்க, இன்னும் என்ன மறைச்சாங்களோ’ன்னு கம்ப்ரஸர் வரைக்கும் சந்தேகம் போகும். நசுங்கல் பக்கத்துல அஞ்சு ரூபா காசு ஒண்ணை ஒட்டி வெச்சு படம் எடுங்க மேடம். ஏன்னா கிட்டத்துல எடுத்தா சின்ன நசுங்கலும் பள்ளம் மாதிரி வரும். காசு பக்கத்துல இருந்தா இவ்வளவுதானான்னு தெரிஞ்சிரும். அதைப் பார்த்துட்டும் வர்றவன் அதைச் சொல்லி விலை குறைக்க மாட்டான்.

தாம்பரம்_தேவி
எனக்கு நேர்மாறாக நடந்தது, சொல்லலாமா? அம்மாவின் பழைய தேக்குக் கட்டில். இடத்தை அடைக்கிறதே என்று 6,000 போட்டேன். அரை மணி நேரத்தில் இருபது போன். முதலில் வந்தவர் பேரமே பேசாமல், கையோடு கொண்டுவந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். கட்டிலைக் கவிழ்த்து அடிப்பலகையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்புறம் எங்கள் ஆசாரி சொன்னார், மரத்துக்கே அதற்கு மேல் போகுமாம்.

பல்லாவரம்_மெக்கானிக்
இருபது போன் வந்ததே அடையாளம் அம்மா. முதல் போன்லயே ‘சரி’ சொல்லாம, ‘சாயங்காலம் பேசறேன்’னு எல்லாரையும் நிறுத்தி வெச்சிருக்கலாம். மரம் என் தொழில் இல்ல. ஆனா பாலீஷ் போட்ட மேல்பக்கத்தைப் பார்த்து மரத்தைச் சொல்ல முடியாதுன்னு ஆசாரிங்க சொல்வாங்க. அடிப்பக்கம், மூட்டு, இதெல்லாம் படத்துல இருந்தா மரம் தெரிஞ்ச ஆளே தேடி வருவான். மெஷினுக்கு வயசு கூடக் கூட விலை இறங்கும், மரத்துக்கு அப்படி இல்லையே.

வேளச்சேரி_வித்யா
சனிக்கிழமை காலை எல்லாம் செய்தேன். பழைய விளம்பரத்தை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். தலைப்பில் முன்பு ‘நல்ல ஃப்ரிட்ஜ் அவசர விற்பனை’ என்று இருந்தது. இப்போது பிராண்ட் பெயர், 253 லிட்டர், டபுள் டோர், 2019, பில் உண்டு. உள்ளே எழுதியது இது:

‘2019 நவம்பரில் வாங்கியது, ஒரே குடும்பம் உபயோகித்தது. ஒரிஜினல் பில், வாரண்டி கார்டு தருகிறேன். கார்டில் கம்ப்ரஸருக்கு 10 வருஷம் என்று உள்ளது. இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது, வந்து பார்க்கலாம். இடது பக்கம் ஒரு நசுங்கல், 6ஆம் படத்தில் உள்ளது. வேளச்சேரி, இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை, மாடிப்படி அகலம். வண்டியும் ஆளும் வாங்குபவர் பொறுப்பு. 28ஆம் தேதிக்குள் எடுக்க வேண்டும். 9,900.’

பல்லாவரம்_மெக்கானிக்
நல்லா இருக்கு. ‘அவசரம்’னு எழுதாதது ரொம்ப நல்லது, அதைப் பார்த்தா 4,000ல பேச ஆரம்பிப்பான். இப்ப எனக்கு ஒரு சந்தேகம், 28ன்னு தேதி போட்டதும் அதே வேலையைச் செய்யுமோ? பார்ப்போம்.

வேளச்சேரி_வித்யா
ஞாயிறு நிலவரம். ஒரே நாளில் 11 மெசேஜ். ஒருவர் ராணுவத்தில் இருக்கிறாராம், பார்க்காமலே 9,900 தருகிறாராம், வண்டி அனுப்புகிறாராம். க்யூஆர் அனுப்பியிருக்கிறார், ஸ்கேன் பண்ணினால் பணம் வந்துவிடும் என்கிறார். நல்ல மனிதர் போலத் தெரிகிறது.

அம்பத்தூர்_அருண்
வேண்டாம் அக்கா!! ஸ்கேன் பண்ணவே பண்ணாதீர்கள். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். பின் கேட்டாலே உங்கள் கணக்கிலிருந்து போகிறது என்று அர்த்தம். ராணுவம், பார்க்காமல் முழு விலை, இது பழைய ஏமாற்று. பிளாக் பண்ணுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அடிக்க வேண்டும்.

வேளச்சேரி_வித்யா
அய்யோ. நல்லவேளை இங்கே கேட்டேன். பிளாக் செய்துவிட்டேன். பில்லில் எங்கள் முகவரியும் போன் நம்பரும் இருந்ததைக்கூட இப்போதுதான் கவனித்தேன், அந்தப் படத்தை எடுத்துவிட்டு மறைத்துப் போட்டேன்.

மற்ற பத்து பேரில் மூன்று பேர் இன்று மாலை வருகிறார்கள்.

பல்லாவரம்_மெக்கானிக்
மூணு பேரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லாதீங்க, முக்கால் மணி இடைவெளி விடுங்க. ‘லாஸ்ட் பிரைஸ்’ கேக்கிறவங்களுக்குச் சாட்டிலேயே விலை குறைக்காதீங்க. ‘வந்து பாருங்க, பிடிச்சிருந்தா பேசிக்கலாம்’னு மட்டும் சொல்லுங்க. பொருளைத் தொட்டுப் பார்த்தவன்கிட்டதான் பேரம். வீட்டுல இன்னொருத்தர் கூட இருக்கட்டும்.

வேளச்சேரி_வித்யா
போய்விட்டது! முதலில் வந்தவர் பார்த்துவிட்டு, மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போனார். இரண்டாவது வந்தது தரமணியில் அறை எடுத்திருக்கும் நான்கு பையன்கள். ஒருவன் நேராக ரப்பரைத்தான் பார்த்தான் அண்ணே! இன்னொருவன் ஐஸ் தட்டைத் தொட்டுப் பார்த்தான். நசுங்கலைப் பற்றி யாருமே பேசவில்லை. 8,000 கேட்டார்கள், 9,000 என்றேன், 8,700இல் முடிந்தது. பணம் என் கணக்கில் வந்ததைப் பேங்க் ஆப்பில் பார்த்துவிட்டுத்தான் இறக்க விட்டேன். மூன்றாவது ஆளுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன், பாவம் கிளம்பியிருந்தார்.

28 என்று தேதி போட்டதை அவர்களும் பிடித்துக்கொண்டார்கள். ‘எப்படியும் காலி பண்ணணும்ல அக்கா’ என்றுதான் பேரத்தையே ஆரம்பித்தான்.

கணக்கு_கணேசன்
ஆக தேதி போட்டதில் 500 போயிருக்கும்.

பல்லாவரம்_மெக்கானிக்
போடாம இருந்தா இன்னும் ஒரு வாரம் ஆகியிருக்கலாம் சார், யாருக்குத் தெரியும். மேடம், பசங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிருங்க. வண்டியில நிக்க வெச்சே கொண்டு போகணும். படுக்க வெச்சிருந்தா போனதும் சுவிட்ச் போடாம நாலஞ்சு மணி நேரம் நிக்க விடணும், கம்ப்ரஸர் ஆயில் கீழ இறங்கணும். இல்லன்னா நாளைக்கு உங்களுக்குத்தான் போன் வரும்.

வேளச்சேரி_வித்யா
சொல்லிவிட்டேன் அண்ணே, இப்போதே மெசேஜ் அனுப்பினேன். ‘படுக்க வெச்சுதான் கொண்டு வந்தோம் அக்கா, இன்னும் போடல’ என்று பதில் வந்திருக்கிறது.

அடுத்து சோபா. மூன்று பேர் உட்காருவது, துணி உறை, 2017, 22,000. பார்த்தவர்கள் 60 பேர், மெசேஜ் பூஜ்யம்.

பல்லாவரம்_மெக்கானிக்
60தான்னா முதல் படத்தைப் போடுங்க, பார்ப்போம். ஆனா முன்னாடியே சொல்லிர்றேன், துணி சோபா கஷ்டம். மூட்டைப்பூச்சி பயம் எல்லாருக்கும் இருக்கு, அதைப் படத்துல போக்க எனக்கு வழி தெரியல.

தாம்பரம்_தேவி
உறையைக் கழற்றித் துவைத்து, கழற்றின சோபாவின் அடிப்பக்கத்தையும் இடுக்கையும் படம் எடுத்துப் போட்டு ஒன்றை விற்றேன். 2,500தான் வந்தது.

வேளச்சேரி_வித்யா
22,000க்கு 2,500ஆ? நாளைக் காலை ஜன்னலைத் திறந்து வைத்து எடுத்துப் போடுகிறேன்.